அனுப்பு பொத்தானை அழுத்த முதல்: வெறும் சப்ஜெக்ட்டும் மறந்த அட்டாச்மென்ட்டும்



இந்தக் கிழமை ஒலிபரப்பில் ஈமெயில் பற்றிக் கதைக்கும்போது நான் ஒரு கதையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டேன். "மிச்சத்தைக் கடிதத்தில் எழுதிறன்" என்று சொல்லியிருந்தேன். அந்த மிச்சம் இதுதான். கூடவே, அந்தக் கதைக்குப் பிறகு என் கணினியில் நான் செய்துவைத்த ஒரு சின்ன ஏற்பாட்டையும் படிப்படியாகச் சொல்கிறேன். பத்து நிமிட வேலைதான்.

முதலில் கதை. அப்பாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்திருந்த நேரம். நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஜேர்மனியில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு காலியானது. ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தோம். வீட்டு நிர்வாகத்தில் இருந்த பெண் நல்லபடியாகக் கதைத்தார். "கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, இப்போதைய வீட்டுக்காரரின் கடிதம், எல்லாவற்றையும் இன்றைக்கே ஈமெயிலில் அனுப்புங்கள். முதலில் முழுதாக வருகிறதை முதலில் பார்ப்பேன்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில் வைத்தே போனில் எழுதினேன். மரியாதையான ஜேர்மன் மொழியில் நாலு வரி. நடுவில் `anbei` என்ற சொல். "இத்துடன்" என்று தமிழில் எழுதுகிறோமே, அதே இடத்தில் ஜேர்மனில் வருகிற சொல். இத்துடன் எங்கள் ஆவணங்கள் என்று எழுதிவிட்டு, அனுப்பு பொத்தானை அழுத்தினேன்.

இரவு அப்பா கேட்டார், "அனுப்பிட்டியே பிள்ளை?"

"ஓம் அப்பா, பஸ்ஸிலயே அனுப்பிட்டன்."

திங்கட்கிழமை காலை பதில் வந்தது. உங்கள் ஈமெயிலில் ஆவணம் எதுவும் இல்லை, வேறொரு குடும்பம் முழு ஆவணங்களோடும் விண்ணப்பித்துவிட்டது, மன்னிக்கவும். அனுப்பியவை பெட்டியைத் திறந்து பார்த்தேன். அட்டாச்மென்ட் இல்லை. சப்ஜெக்ட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் அடைப்புக்குறிக்குள் "தலைப்பு இல்லை" என்று நின்றது. போன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஏழு மாதம் அந்த மூன்று மாடியையும் ஏறி இறங்கினார்.

சரி, விசயத்துக்கு வருவம்.

ஏன் கணினி தானாகத் தடுப்பதில்லை?

எனக்கு முதலில் வந்த கோபம் இதுதான். சப்ஜெக்ட் இல்லாத ஈமெயிலை எப்படி ஒரு சேவர் ஏற்றுக்கொள்கிறது? தேடிப் பார்த்தபோது பதில் மிகவும் எளிமையாக இருந்தது. ஈமெயிலின் வடிவத்தை வரையறுக்கிற விதிமுறைக்கு RFC 5322 என்று பெயர், 2008இல் வெளிவந்தது. அதன்படி ஒரு ஈமெயிலின் தலைப்பகுதியில் கட்டாயம் இருக்கவேண்டியவை இரண்டே இரண்டுதான்: அனுப்பிய நேரம், அனுப்பியவர் யார். சப்ஜெக்ட் வரி விருப்பமானது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பிழையில்லை. ஆகவே சேவருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. நீங்கள் எழுதுகிற செயலிதான் "சப்ஜெக்ட் இல்லையே, அனுப்பட்டுமா?" என்று கேட்கவேண்டும். அது கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

அட்டாச்மென்ட் விசயம் இன்னும் சிக்கல். சப்ஜெக்ட் பெட்டி வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம்: எழுத்து இருக்கு, அல்லது இல்லை. ஆனால் ஒரு ஈமெயிலில் கோப்பு இல்லாதிருப்பது சாதாரணம். நாம் அனுப்புகிறவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான். நீங்கள் கோப்பு இணைக்க *நினைத்தீர்களா* என்பது கணினிக்குத் தெரியாது. அதனால் அது ஒரு ஊகம் செய்கிறது. நீங்கள் எழுதியதை வாசித்து, "இணைத்திருக்கிறேன்" என்ற பொருளில் ஏதாவது சொல் வருகிறதா என்று தேடும். சொல் இருந்து, கோப்பு இல்லாவிட்டால் எச்சரிக்கும்.

இந்த இடத்தில்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பிரச்சினை. எந்த மொழியின் சொற்களைத் தேடும்?

நாங்கள் போனையும் கணினியையும் ஆங்கிலத்தில் வைத்திருப்போம். அலுவலகத்துக்கு ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ நோர்வீஜிய மொழியிலோ எழுதுவோம். மாமாவுக்குத் தமிழில் எழுதுவோம், அதுவும் பாதி ஆங்கில எழுத்தில். ஆங்கிலச் சொற்களை மட்டும் தேடுகிற ஒரு செயலிக்கு `anbei` என்பதும் "இத்துடன்" என்பதும் வெறும் எழுத்துகள்.

அதற்காகத்தான் நான் தண்டர்பேர்டுக்கு மாறினேன். மொசில்லா குடும்பத்திலிருந்து வருகிற இலவசச் செயலி. 2009இல் வந்த அதன் 3.0 பதிப்பிலிருந்தே அட்டாச்மென்ட் நினைவூட்டல் அதில் இருக்கிறது. முக்கியமான விசயம், எந்தச் சொற்களைத் தேடவேண்டும் என்ற பட்டியலை நாமே மாற்றலாம்.

பட்டியலை எப்படித் திறப்பது

கணினியில் தண்டர்பேர்டைத் திறந்து, மூன்று கோடு போட்ட மெனுவில் `Settings` போங்கள். இடது பக்கத்தில் `Composition` என்று இருக்கும். அதில் `Check for missing attachments` என்ற வரியைத் தேடுங்கள். அதன் முன்னால் உள்ள பெட்டியில் சரி அடையாளம் இருக்கவேண்டும். வழமையாக அது ஏற்கனவே போடப்பட்டிருக்கும், ஆனால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதே வரியில் `Keywords…` என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பட்டியல் வரும்.

உங்கள் தண்டர்பேர்ட் ஆங்கிலத்தில் இருந்தால், `attachment`, `attached`, `enclosed`, `CV`, `.pdf`, `.doc` போன்றவை ஏற்கனவே அங்கே இருக்கும். இந்தப் பட்டியல் செயலியின் மொழியைப் பொறுத்து வருகிறது. செயலியை ஜேர்மனில் நிறுவியவருக்கு ஜேர்மன் சொற்கள் இருக்கும். ஆங்கிலத்தில் நிறுவிவிட்டு ஜேர்மனில் எழுதுகிறவருக்கு ஒன்றும் இருக்காது. நான் அந்த இரண்டாவது கூட்டம்.

புதிய சொல் சேர்க்க `New…` பொத்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு சொல். நான் சேர்த்தவை இவை:

```
anbei
Anhang
angehängt
beigefügt
இத்துடன்
இணைத்துள்ளேன்
இணைத்திருக்கிறேன்
இணைச்சிருக்கிறன்
inaichirukkiren
```

பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் இல்லை. `anhang` என்று எழுதினாலும் `Anhang` என்று எழுதினாலும் பிடிக்கும். பிரான்சில் இருப்பவர்கள் `ci-joint`, `pièce jointe`, நோர்வேயில் இருப்பவர்கள் `vedlagt`, `vedlegg` என்று போட்டுக்கொள்ளலாம். நீங்கள் உண்மையில் எழுதுகிற சொல்லைப் போடுவதுதான் முக்கியம். அகராதியில் இருக்கிற சொல் தேவையில்லை. அனுப்பியவை பெட்டிக்குப் போய், கோப்போடு நீங்கள் கடைசியாக அனுப்பிய பத்து ஈமெயிலைத் திறந்து பாருங்கள். எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதுதான் உங்கள் சொல்.

சொல்லைத் தெரிவு செய்யும்போது இரண்டு கவனம்

முதலாவது, சொல்லின் முடிவு மாறினால் இந்தத் தேடல் பிடிக்காது. `Anhang` என்று போட்டால் `im Anhang` என்பதைப் பிடிக்கும். ஆனால் பன்மையில் `Anhänge` என்று எழுதினால் பிடிக்காது.  அது வேண்டுமென்றால் தனியாகச் சேர்க்கவேண்டும். புள்ளியோடு தொடங்குகிற `.pdf` போன்றவை வேறு மாதிரி. அவை கோப்பின் பெயரைப் பிடிக்கத்தான் இருக்கின்றன. நீங்கள் `lohn_mai.pdf` என்று எழுதினால் எச்சரிக்கை வரும். "ஒரு பி.டி.எஃப் அனுப்புறன்" என்று எழுதினால் வராது.

தமிழில் இது இன்னும் கவனிக்கவேண்டிய விசயம். எங்கள் வினைச்சொல் ஆளுக்கு ஏற்ப, காலத்துக்கு ஏற்ப, ஊருக்கு ஏற்ப முடிவு மாறும். அம்மா "இணைச்சிருக்கிறன்" என்பார். தமிழ்ப் பாடசாலை அதிபருக்கு எழுதும்போது நான் "இணைத்துள்ளேன்" என்பேன். மெட்ராஸ் நண்பர் ஒருவர் "அட்டாச் பண்ணிருக்கேன்" என்பதை ஆங்கில எழுத்தில் அடிப்பார். அந்தக் கடைசி வகை எழுத்துக்குப் பிரச்சினை குறைவு, ஏனென்றால் `attach` தனிச் சொல்லாக நிற்கும், அது ஆங்கிலப் பட்டியலிலேயே இருக்கிறது. மற்றவற்றுக்கு எல்லா முடிவுகளையும் போட முடியாது. அதனால்தான் "இத்துடன்" எனக்குப் பிடித்த சொல். வினை எப்படி முடிந்தாலும் அதன் வடிவம் மாறாது. இப்போது நான் கோப்பு அனுப்பும் ஒவ்வொரு தமிழ் ஈமெயிலையும் வேண்டுமென்றே "இத்துடன்" என்று தொடங்குகிறேன். கொஞ்சம் அரசாங்கக் கடிதம் மாதிரித்தான் இருக்கு, பரவாயில்லை.

இரண்டாவது கவனம், அடிக்கடி வருகிற சொற்களைப் போடாதீர்கள். நான் முதலில் "இணைப்பு" என்பதைச் சேர்த்தேன். இரண்டு நாளில் எடுத்துவிட்டேன். தமிழில் "இணைப்பு" என்பது அட்டாச்மென்ட்டும்தான், வலைத்தள லிங்க்கும்தான், இன்டர்நெட் கனெக்ஷனும்தான். "இணைப்பு கீழே இருக்கிறது" என்று எழுதும்போதெல்லாம் கோப்பு எங்கே என்று கேட்டது. மூன்று தரம் பொய்யாகக் கேட்டால், நாலாவது தரம் வாசிக்காமலே "அனுப்பு" என்று அழுத்திவிடுவோம். அந்த நாலாவது தரம்தான் உண்மையாக மறந்திருப்போம். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை மட்டும் கத்துகிற பட்டியல்தான் பயன்படும்.

ஒருமுறை சோதித்துப் பாருங்கள்

பட்டியல் போட்டதும் அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்களுக்கு நீங்களே ஒரு ஈமெயில் எழுதுங்கள். நான் செய்தது இது. பெறுநர் இடத்தில் என் சொந்த முகவரி. சப்ஜெக்ட் வெறுமை. உடலில் ஒரே ஒரு வரி:

```
Sehr geehrte Frau ..., anbei unsere Unterlagen.
```

கொஞ்ச நேரத்தில் எழுதுகிற ஜன்னலின் கீழ்ப்பக்கத்தில் ஒரு பட்டை வந்தது. அதில் `Found an attachment keyword` என்று சொல்லி, பக்கத்தில் `anbei` என்று எந்தச் சொல்லைக் கண்டது என்பதையும் காட்டியது. அங்கேயே `Add Attachment…` என்றும் `Remind Me Later` என்றும் இரண்டு பொத்தான்கள்.

அந்தப் பட்டையைக் கவனிக்காத ஆள் மாதிரி நடித்து, அனுப்பு பொத்தானை அழுத்தினேன். சப்ஜெக்ட் பற்றிய பெட்டி வந்தது: `Subject Reminder`. இரண்டு தெரிவு, `Send Without Subject` அல்லது `Cancel Sending`. இதற்குப் பட்டியலும் இல்லை, அமைப்பும் இல்லை, எப்போதும் கேட்கும். சப்ஜெக்ட் இல்லாமலே அனுப்பு என்றேன். அட்டாச்மென்ட் பெட்டியும் வந்தது: `Did you forget to add an attachment?` அதற்கு `No, Send Now` என்று ஒரு பதில், `Oh, I did!` என்று இன்னொரு பதில். இரண்டாவதை அழுத்தினால் ஈமெயில் போகாது, எழுதுகிற இடத்துக்குத் திரும்பி வருவீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இந்த இரண்டு பெட்டியில் ஒன்று வந்திருந்தாலும் போதும்.

பிறகு அதே சோதனையைத் தமிழ் வரியோடு செய்தேன், "இத்துடன் எனது சம்பளச் சீட்டு". அதையும் பிடித்தது. "சம்பளச் சீட்டு அனுப்பி இருக்கிறன்" என்று எழுதினேன். பிடிக்கவில்லை, ஏனென்றால் என் பட்டியலில் உள்ள எந்தச் சொல்லும் அதில் இல்லை. நீங்கள் சோதிக்கும்போதும் இப்படி ஒரு வரி அகப்படாமல் போகும். அதைச் சேர்ப்பதா, எழுதும் பழக்கத்தை மாற்றுவதா என்று அப்போது முடிவு செய்யலாம்.

இன்னொரு சின்ன வசதி. சில நேரம் கோப்பு இன்னும் தயாராக இருக்காது, ஈமெயிலை மட்டும் எழுதி வைத்திருப்போம். அப்போது அட்டாச் பொத்தானின் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தி `Remind Me Later` என்பதை நீங்களே போட்டுவிடலாம். உங்கள் ஈமெயிலில் எந்தச் சொல்லும் இல்லாவிட்டாலும், அனுப்பும்போது கட்டாயம் கேட்கும்.

இது எதைப் பிடிக்காது

எச்சரிக்கை இருக்கிறது என்று நிம்மதியாக இருந்து இரண்டாம் தரமும் மாட்டிக்கொண்டேன், அதனால் இதையும் சொல்லவேண்டும்.

ஏதாவது ஒரு கோப்பு இணைந்திருந்தால் போதும், எச்சரிக்கை மௌனமாகிவிடும். எத்தனை கோப்பு சொன்னீர்கள், எத்தனை வைத்தீர்கள் என்று அது எண்ணாது. ஐந்து ஆவணம் என்று எழுதிவிட்டு ஒன்றை மட்டும் வைத்தாலும் சந்தோசமாக அனுப்பிவிடும். பிழையான கோப்பை வைத்தாலும் அப்படித்தான். நான் ஒருமுறை அப்பாவின் வரிக் கடிதத்துக்குப் பதிலாக என் தோழியின் கல்யாண அழைப்பிதழை அனுப்பினேன். தண்டர்பேர்டுக்கு இரண்டும் ஒரே மாதிரிக் கோப்புத்தான்.

மேற்கோளாக வருகிற பழைய கடிதத்தையும், உங்கள் கையெழுத்துப் பகுதியையும் அது தேடாது. இது நல்லதுக்குத்தான், இல்லாவிட்டால் மற்றவர் எழுதிய `attached` என்ற சொல்லுக்கெல்லாம் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் "முன்னர் சொன்ன கோப்பு" என்று மட்டும் மேலே எழுதி, சொல் முழுக்கக் கீழே மேற்கோளில் இருந்தால் எச்சரிக்கை வராது.

சப்ஜெக்ட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. சப்ஜெக்ட் இல்லாமல் வந்த ஈமெயிலுக்குப் பதில் எழுதினால், அந்தப் பெட்டியில் `Re:` என்று மட்டும் நிற்கும். அது வெறுமை இல்லை, மூன்று எழுத்துக் குறி இருக்கிறது. எனவே யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களாகத்தான் பார்த்து ஒரு தலைப்பு போடவேண்டும்.

கடைசியாக, இந்தப் பட்டியல் அந்தக் கணினியில் உள்ள அந்தச் செயலிக்கு மட்டும். போனில் இருக்கிற செயலிக்கு இது தெரியாது. நான் மாட்டிக்கொண்டதே போனில்தான். ஆகவே வீடு, விசா, வேலை, பள்ளிக்கூடம் சம்பந்தமான ஈமெயிலைப் போனில் அனுப்புவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். எழுதி வரைவாக வைப்பேன், அனுப்புவது கணினியிலிருந்து.

வேறு செயலி பாவிக்கிறவர்களுக்கு

ஜிமெயிலில் மறந்த அட்டாச்மென்ட்டுக்கான எச்சரிக்கை 2008இல் ஒரு சோதனை வசதியாக வந்து, பிறகு எல்லாருக்கும் வழமையாகிவிட்டது. `I've attached` என்று எழுதி ஒன்றும் வைக்காவிட்டால் கேட்கும். ஆனால் அந்தச் சொற்பட்டியலை நாங்கள் திறந்து மாற்ற வழி இல்லை. அதனால் தமிழிலோ கலந்தோ எழுதுகிறவர்கள், இடையில் ஒரு ஆங்கில வரியாக `I have attached 3 files` என்று எழுதிவிடுங்கள். பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் அந்த வரிக்காகத்தான் எச்சரிக்கை வரும்.

ஜிமெயிலில் கட்டாயம் மாற்றவேண்டிய இன்னொரு இடம் இருக்கிறது. கணினியில் `See all settings` போய், `General` பக்கத்தில் `Undo Send` என்று தேடுங்கள். 5, 10, 20, 30 வினாடி என்று நாலு தெரிவு. 30ஐ வைத்து, பக்கத்தின் அடியில் `Save Changes` அழுத்துங்கள். இது அனுப்பியதைத் திருப்பி எடுக்கிற மந்திரம் இல்லை. ஒரு சேவர் ஈமெயிலை ஏற்றுக்கொண்ட பிறகு அதைப் பொதுவாகப் பிடுங்க முடியாது. ஜிமெயில் செய்வது, 30 வினாடி தன்னிடமே வைத்திருந்துவிட்டுப் பிறகு அனுப்புவதுதான். அட்டாச்மென்ட் மறந்தது பெரும்பாலும் அழுத்திய உடனேயே நினைவுக்கு வரும், அதனால் அந்த 30 வினாடி பெரிய காலம். ஐபோனின் `Mail` செயலியிலும் 2022இல் வந்த ஐ.ஓ.எஸ் 16இலிருந்து இதே வசதி உண்டு. `Mail` அமைப்புகளின் அடியில் `Undo Send Delay` என்று இருக்கும், அதையும் 30 ஆக்குங்கள்.

அலுவலகத்தில் பழைய அவுட்லுக் பாவிக்கிறவர்கள் `File`, பிறகு `Options`, பிறகு `Mail` போய், `Send messages` என்ற பகுதியில் `Warn me when I send a message that may be missing an attachment` என்பதில் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருநாள் எரிச்சலில் `Don't show this message again` என்பதை அழுத்தியிருந்தால் அந்த அடையாளம் போயிருக்கும். பல பேர் "என்ர அவுட்லுக்கில அது வாறதில்லை" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். சப்ஜெக்ட் இல்லாவிட்டால் அது தானாகக் கேட்கும்.

நான் இப்போது செய்கிற ஒழுங்கு

எச்சரிக்கைக்கு மேலாக எனக்கு உதவுவது எழுதுகிற ஒழுங்கை மாற்றியதுதான். முதலில் கோப்பு, பிறகு சப்ஜெக்ட், பிறகு கடிதம், கடைசியில் பெறுநர் முகவரி. முகவரி இல்லாமல் தண்டர்பேர்டின் அனுப்பு பொத்தான் வேலை செய்யாது. ஆகவே கை தவறினாலும் ஒன்றும் போகாது. ஏற்கனவே வந்த கடிதத்துக்குப் பதில் எழுதுவதானால் முகவரி தானாக வந்திருக்கும். அதை வெட்டிக் கடிதத்தின் அடியில் ஒட்டிவைத்து, எல்லாம் முடிந்த பிறகு மேலே போடுவேன்.

கடிதத்துக்குள் கோப்புகளை எண்ணிப் பெயரோடு எழுதுவேன்: "இத்துடன் 5 கோப்புகள்: மே, யூன், யூலை சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வீட்டுக்காரரின் கடிதம்." அந்த வரியைப் பார்த்துக் கீழே உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினால், எச்சரிக்கை பிடிக்காததையும் என் கண் பிடிக்கும். வாசிக்கிறவருக்கும் ஒன்று குறைந்தால் உடனே தெரியும், மூன்று நாள் கழித்துத் தெரியாது.

ஏழு மாதத்துக்குப் பிறகு இன்னொரு வீடு வந்தது. கீழ்த்தளம் இல்லை, முதலாம் மாடி, ஆனால் லிஃப்ட் உண்டு. அன்றைக்குப் பார்த்துவிட்டு வந்ததும் அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். நான் எழுதி முடித்து, முகவரியைப் போட்டு, அழுத்தப் போகும்போது, "பொறு பிள்ளை" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுத் திரையில் விரலை வைத்து எண்ணினார். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு.

"இப்ப அனுப்பு."

அந்த வீட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலில் என்ன சொற்களைப் போட்டீர்கள்? டேனிஷ், டச்சு, இத்தாலிய மொழிகளில் எழுதுகிறவர்கள் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக உங்கள் சொற்களை அனுப்புங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த கடிதத்தில் ஒரு பொதுப் பட்டியலாகத் தருகிறேன். பட்டியலைக் கோப்பாக அனுப்புகிறவர்கள், தயவுசெய்து கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்!